சரக்குச் சுழற்சி: லாபம் காட்டும் கடையில் பணம் எங்கே போகிறது?

ஒரு சில்லறைக் கடையின் நிலையை அறிய விரும்புபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது அதன் லாப நட்டக் கணக்கைத்தான். எவ்வளவு விற்றது, எவ்வளவு மிஞ்சியது என்பதை அந்தக் கணக்கு சொல்லிவிடும். ஆனால் வாங்கி வைத்து இன்னும் விற்காத சரக்கைப் பற்றி அது அநேகமாக எதுவும் சொல்வதில்லை. விற்காத சரக்கு செலவாகப் பதிவாகாமல் சொத்தாகவே இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்திருக்கும். அது நேற்று வந்த சரக்கா, நான்கு ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடப்பதா என்று அந்த எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வேறுபாட்டை வெளிக்கொணரும் கருவிதான் சரக்குச் சுழற்சி விகிதம்.

கணக்கு எளியது. ஓர் ஆண்டில் விற்ற சரக்கின் அடக்கவிலையை, அந்த ஆண்டில் கடையில் இருந்த சராசரிச் சரக்கிருப்பின் மதிப்பால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண், கடையில் முடங்கும் சரக்கு முழுவதும் ஆண்டுக்கு எத்தனை முறை விற்றுத் தீர்ந்து மீண்டும் நிரம்பியது என்பதைக் குறிக்கும். 365-ஐ அந்த எண்ணால் வகுத்தால், ஒரு பொருள் கடைக்குள் வந்து வெளியேறச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும். நடைமுறையில் இந்த நாள் கணக்குதான் மனத்தில் நன்றாகப் பதிகிறது; "மூன்று முறை சுழல்கிறது" என்பதைவிட "நான்கு மாதம் தங்குகிறது" என்பது உடனே புரியும்.

ஒரு செருப்புக் கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். ஆண்டு விற்பனை 150 லட்சம், விற்ற சரக்கின் அடக்கவிலை 90 லட்சம், ஆகவே மொத்த லாபம் 60 லட்சம். ஆண்டுத் தொடக்கத்தில் 24 லட்சத்துக்கும் இறுதியில் 36 லட்சத்துக்கும் சரக்கு இருந்தது. சராசரி 30 லட்சம். 90-ஐ 30-ஆல் வகுத்தால் சுழற்சி 3. ஒரு ஜோடி செருப்பு கடையில் தங்கும் காலம் ஏறத்தாழ 122 நாள்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அடக்கவிலைக்குப் பதிலாக விற்பனைத் தொகையை மேலே போட்டுவிட்டால், 150-ஐ 30-ஆல் வகுத்து 5 என்ற விடை வரும். தங்கும் காலமும் 73 நாளாகச் சுருங்கிவிடும். சரக்கிருப்பு அடக்கவிலையில் கணக்கிடப்பட்டிருக்கும்போது விற்பனையோ லாபத்தையும் சேர்த்துக்கொண்டு நிற்கிறது. இரண்டும் ஒரே அளவுகோலில் இல்லை. லாப விகிதம் அதிகமான கடையாக இருந்தால் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். வேறொருவர் தரும் சுழற்சி எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும் முன், அவர் எதை எதனால் வகுத்தார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சராசரிச் சரக்கிருப்பிலும் ஒரு கண் வைக்க வேண்டும். பல கடைகள் தள்ளுபடி விற்பனை முடிந்து அலமாரிகள் காலியாக இருக்கும் சமயத்தில்தான் ஆண்டுக் கணக்கை முடிக்கின்றன. எண்ண வேண்டிய சரக்கு குறைவு என்பதால் அது வசதியும்கூட. ஆனால் அந்த இரண்டு நாள்களின் இருப்பை மட்டும் கூட்டி இரண்டால் வகுத்தால், நடுவில் பல மாதங்கள் கடை பிதுங்கிக் கிடந்தது கணக்கில் வராது. மாத இறுதி இருப்புகளின் சராசரியே நம்பத்தக்கது.

சரி, நம் கடையின் சுழற்சி 3. இது நல்லதா, கெட்டதா? தனியாக இந்த எண்ணுக்கு விடை கிடையாது. நாளுக்கு நாள் கெட்டுப்போகும் பொருள்களை விற்கும் கடையும் நகைக் கடையும் ஒரே வேகத்தில் சுழலவே முடியாது. முதலாவது குறைந்த லாபத்தில் பலமுறை சுழன்று பிழைக்கிறது, இரண்டாவது அதிக லாபத்தில் சிலமுறை சுழன்று பிழைக்கிறது. ஒரே வகை வணிகத்தில் உள்ள கடைகளோடும், அதைவிட முக்கியமாக அதே கடையின் முந்தைய ஆண்டுகளோடும் ஒப்பிட்டால்தான் பொருள் விளங்கும். ஆனால் இந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த 3-ஐ உடைத்துப் பார்க்க வேண்டும்.

நம் கடையின் சரக்கை, விற்கும் வேகத்தை வைத்து மூன்று குவியலாகப் பிரிப்போம். முதல் குவியலில் அன்றாடம் கேட்கப்படும் மாடல்கள். அவற்றின் சராசரி இருப்பு 12 லட்சம், ஆண்டில் விற்றது அடக்கவிலையில் 72 லட்சம். ஆறு முறை சுழல்கிறது, அதாவது இரண்டே மாதத்தில் விற்றுவிடுகிறது. இரண்டாம் குவியலில் இருப்பு 10 லட்சம், விற்றது 16 லட்சம். தங்கும் காலம் ஏழரை மாதம். மூன்றாம் குவியலில் 8 லட்சத்துக்குச் சரக்கு கிடக்கிறது, ஆண்டு முழுவதும் விற்றது 2 லட்சத்துக்குத்தான். அதன் சுழற்சி கால் முறை. இதே வேகத்தில் போனால் அது தீர நான்கு ஆண்டுகள் வேண்டும். மூன்றையும் கூட்டினால் அதே 30, அதே 90, அதே 3. ஆனால் அந்தக் கடையில் ஆண்டுக்கு மூன்று முறை சுழலும் குவியல் எதுவுமே இல்லை. நன்றாக ஓடும் சரக்கின் முதுகில் ஓடாத சரக்கு சவாரி செய்கிறது. சராசரி இருவரையும் ஒரே ஆளாகக் காட்டிவிடுகிறது.

இப்போது பணத்தின் வழியைத் தொடர்ந்து போவோம், ஏனென்றால் தேங்கிய சரக்கு தன் முகத்தைக் காட்டுவது இங்கேதான். ஆண்டு முழுவதும் வாங்கிய சரக்கு எவ்வளவு? விற்றதன் அடக்கவிலை 90, அதோடு இறுதி இருப்பு 36-ஐக் கூட்டி, தொடக்க இருப்பு 24-ஐக் கழித்தால் 102 லட்சம். வாடகை, சம்பளம், மின்சாரம், வட்டி எல்லாம் சேர்ந்து 48 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மொத்த லாபம் 60-இல் அது போக நிகர லாபம் 12 லட்சம். கணக்குப் புத்தகம் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் விற்பனையும் கொள்முதலும் ரொக்கத்திலேயே நடந்திருந்தால், உள்ளே வந்த பணம் 150, வெளியே போன பணம் 102-உம் 48-உம், அதாவது 150. கல்லாவில் மிஞ்சியது ஒன்றுமில்லை. 12 லட்சம் லாபம் முழுவதும் கூடுதல் செருப்புகளாக மாறி அலமாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வரி கட்ட வேண்டியதாக இருந்தால் அதற்குக் கடன்தான் வாங்க வேண்டும்.

அந்தக் கூடுதல் 12 லட்சம், முதல் குவியலைச் சேர்ந்த வேகமாக விற்கும் சரக்காக இருந்தால் கவலையில்லை. இரண்டு மாதத்தில் பணமாகிவிடும். கடையை விரிவாக்கும் ஆண்டிலோ, பெரிய பருவம் ஒன்றுக்குச் சற்று முன்போ இப்படி இருப்பு உயர்வது இயல்பு. மூன்றாம் குவியலைச் சேர்ந்ததாக இருந்தால், அந்த லாபத்தில் ஒரு பகுதி லாபமே அல்ல. கணக்கியல் இதற்கு விதி வகுத்திருக்கிறது. சர்வதேசக் கணக்கியல் தரநிலை 2-இன்படி, சரக்கை அதன் அடக்கவிலை, அதை விற்றால் செலவு போகக் கைக்கு வரக்கூடிய தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும். ஆண்டு இறுதியில் மூன்றாம் குவியலில் 10 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது, அதை விற்றால் 3 லட்சம்தான் வரும் என்றால், மீதி 7 லட்சத்தை அந்த ஆண்டிலேயே நட்டமாக எழுதிவிட வேண்டும். நிகர லாபம் 12 லட்சத்திலிருந்து 5 லட்சமாக இறங்கும். சிறிய கடைகள் பலவற்றில் இந்த மதிப்புக் குறைப்பு செய்யப்படுவதே இல்லை. சரக்கு என்றைக்காவது முழு விலைக்குப் போகும் என்ற நம்பிக்கை ஆண்டுதோறும் லாபமாகப் பதிவாகிக்கொண்டே போகிறது. ஆகவே, லாபம் காட்டிக்கொண்டே எப்போதும் பணத்துக்குத் திண்டாடும் கடையைக் கண்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது அதன் சரக்கறையைத்தான்.

கடன் கொடுத்தவர்கள் பார்க்கும் வேறு சில எண்களும் இந்த விஷயத்தில் ஏமாற்றும். நடப்புச் சொத்துகளை நடப்புக் கடன்களால் வகுக்கும் நடப்பு விகிதத்தில் சரக்கும் சொத்தாகச் சேர்கிறது; எனவே சரக்கு தேங்கத் தேங்க அந்த விகிதம் சில சமயம் முன்னேறுவது போலக்கூடத் தோன்றும். சரக்கை நீக்கிவிட்டுக் கணக்கிடும் விரைவு விகிதத்தை அதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது நிலையாக நிற்க, இரண்டாவது ஆண்டுக்கு ஆண்டு சரிந்தால், பணம் சரக்காக உறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

மொத்த வியாபாரி தரும் கடன் தவணையோடு ஒப்பிட்டாலும் இதே கதை வேறொரு கோணத்தில் தெரியும். தவணை 60 நாள் என்று வைப்போம். முதல் குவியல் ஏறத்தாழ அந்த 60 நாளிலேயே விற்றுவிடுவதால், வாடிக்கையாளர் கொடுத்த பணத்திலிருந்தே வியாபாரியின் பாக்கி தீர்ந்துவிடும். அந்தச் சரக்குக்குக் கடைக்காரர் சொந்தமாக முதல் போடத் தேவையே இல்லை எனலாம். இரண்டாம் குவியலோ பாக்கியைத் தீர்த்த பிறகும் ஐந்தரை மாதத்துக்கு மேல் அவருடைய பணத்தில் கிடக்கிறது. மூன்றாம் குவியலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்குக் கொடுக்க வேண்டிய பணத்தை முதல் குவியலின் விற்பனையிலிருந்துதான் எடுக்கிறார், முதல் குவியலை மறுபடி நிரப்ப வைத்திருந்த பணத்திலிருந்து.

கடை நோயுறும் விதம் இதுதான். நன்றாக ஓடும் மாடல் தீர்ந்தவுடன் அதைத் திரும்ப வாங்கப் பணம் இருக்காது. வாங்க வந்தவர் கேட்டது இல்லாமல் திரும்பிப் போவார். விற்பனை குறையும், குறைந்த விற்பனையிலிருந்து வரும் பணமும் பழைய பாக்கிக்கே போகும். முதல் குவியல் மேலும் சுருங்க, மொத்தச் சரக்கில் மூன்றாம் குவியலின் பங்கு கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடை நிறையச் சரக்கு தெரியும். கேட்கிற பொருள் மட்டும் இருக்காது. விகிதம் எதையும் கணக்கிடாமலே ஒரு கடையின் நிலையை அறிய எனக்குத் தெரிந்த மிக நம்பகமான அறிகுறி இது.

சரக்கு ஏன் தேங்கியது என்பதையும் ஓரளவு பதிவேட்டிலிருந்தே படித்துவிடலாம். ஒவ்வொரு பொருளுக்கும் அது கடைக்கு வந்த தேதியும் கடைசியாக விற்ற தேதியும் இருந்தால் போதும். நேற்றுகூட ஒன்று விற்றிருக்கிறது, ஆனால் இருப்பு மலைபோல் இருக்கிறது என்றால், பொருளில் குறையில்லை. அளவுக்கு மீறி வாங்கியிருக்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் காரணம், அதிகம் எடுத்தால் விலை குறைப்போம் என்ற மொத்த வியாபாரியின் சலுகை. ஐந்து விழுக்காடு குறைவாக வாங்கிய சரக்கை ஓர் ஆண்டு வைத்திருந்தால், வட்டியும் இட வாடகையும் சேதமும் அந்த ஐந்தை எளிதில் தின்றுவிடும். வந்த நாளிலிருந்து ஒன்றுகூட விற்கவில்லை என்றால், தேர்வு தவறு என்று முடிவு கட்டும் முன் அது அலமாரிக்கு வந்ததா, இன்னும் பெட்டியிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் ஒன்றோ இரண்டோ இருப்பதாகக் காட்டி, மாதக்கணக்கில் விற்காமல் இருக்கும் பொருள்களைக் கையால் தேடிப் பார்த்தால், அவற்றில் சில கடையிலேயே இருக்காது. திருடு போயிருக்கும், அல்லது தவறான குறியீட்டில் விற்றிருக்கும். இருப்பதாகக் கணினி நம்புவதால் புதிதாக ஆர்டர் போகாது. இல்லாததால் விற்கவும் செய்யாது.

செருப்பு, துணி போன்ற அளவு பார்த்து வாங்கும் பொருள்களில் தேக்கத்துக்குத் தனி வழி ஒன்று உண்டு. ஒரு மாடலில் 12 ஜோடி கொண்ட பெட்டி வருகிறது. 6-ஆம் அளவில் ஒன்று, 7-இல் இரண்டு, 8-இல் மூன்று, 9-இல் மூன்று, 10-இல் இரண்டு, 11-இல் ஒன்று. முதல் சில வாரங்களில் நடு அளவுகள் பறந்துவிடும். மிஞ்சுவது 6, 7, 10, 11 அளவுகளில் ஐந்து ஜோடி என்று வைப்போம். கணக்கைப் பார்த்தால் 12-இல் 7 விற்றுவிட்டது, நல்ல மாடல் என்றே தோன்றும். ஆனால் அதை எடுத்துப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் 8 அல்லது 9 கேட்பார்கள். இல்லை என்ற பதிலோடு போய்விடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அந்த மாடலின் வேகம் சட்டென்று விழுகிறது. அளவு வாரியாகப் பதிவு வைக்காத கடையில், மாடலின் மோகம் தீர்ந்துவிட்டது என்று தவறாக முடிவெடுத்துத் தள்ளுபடியில் போடுவார்கள். நடு அளவுகளை மட்டும் மறுபடி வாங்கியிருந்தால் முழு விலைக்கே ஓடியிருக்கும்.

உண்மையிலேயே ஓடாத சரக்கை என்ன செய்வது? இங்கே பெரும்பாலானவர்களைக் கட்டிப்போடுவது, வாங்கிய விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்ற வைராக்கியம். வாங்கிய விலை ஏற்கெனவே போய்விட்ட பணம். இப்போது கேட்க வேண்டியது, இன்று கைக்கு வரும் தொகையை வைத்து என்ன செய்யலாம் என்பதே. அடக்கவிலை 1,000 ஆன ஒரு ஜோடியை 600-க்குத் தள்ளிவிட்டால் 400 நட்டம். ஆனால் அந்த 600-ஐ முதல் குவியலில் போட்டால், நம் கடையின் லாப விகிதப்படி அது ஒரு சுற்றில் 1,000 ஆக விற்று 400 மொத்த லாபம் தரும். இரண்டு மாதத்தில் நட்டம் ஈடாகிவிடுகிறது. ஆண்டில் அப்படி ஆறு சுற்று. இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. முதல் குவியலில் உண்மையாகவே சரக்குப் பற்றாக்குறை இருக்க வேண்டும். கேட்பவர்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே கிடைக்கிறது என்றால், அங்கே மேலும் 600 போட்டால் அது ஆறு முறை சுழலாது. இன்றைய வேகமான சரக்கு நாளைய தேக்கமாகிவிடும்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட் 2022 ஏப்ரல் இறுதியில் முடிந்த காலாண்டில் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 4 விழுக்காடு கூடுதல் வருவாய் காட்டியது. ஆனால் அதன் சரக்கிருப்பு 43 விழுக்காடு உயர்ந்திருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுச் சாமான்களுக்கு இருந்த கிராக்கி இறங்கியிருந்தது. அந்தக் கிராக்கி தொடரும் என்று எண்ணி ஆர்டர் கொடுத்த சரக்கோ வந்து சேர்ந்துகொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் அந்த நிறுவனம் விலைகளைக் குறைக்கவும் ஆர்டர்களை ரத்து செய்யவும் போவதாக அறிவித்தது. அடுத்த காலாண்டில் அதன் இயக்க லாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட எண்பது விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. விற்பனையின் வளர்ச்சியையும் சரக்கின் வளர்ச்சியையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எவ்வளவு எளிய சோதனை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த நிறுவனம் சரக்கை வைத்துக்கொண்டு காத்திருக்காமல் ஒரேயடியாக நட்டத்தை ஏற்றுக்கொண்டது. அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சுழற்சி உயர்வதெல்லாம் நல்ல செய்தி அல்ல. மொத்த வியாபாரிகள் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்ட கடையிலும் இருப்பு வேகமாகக் குறையும்; விற்பனை உடனே விழாததால் சுழற்சி எண் சில மாதங்களுக்கு அழகாக உயரும். உண்மையில் அந்தக் கடை பட்டினி கிடக்கிறது. மாறாக, அவசரத்துக்கு வேண்டிய உதிரிப் பாகங்கள், அரிதான அளவுகள் போன்றவற்றை, மெதுவாகத்தான் போகும் என்று தெரிந்தே வைத்திருக்கும் கடைகள் உண்டு. அவை இருப்பதால்தான் வாடிக்கையாளர் மற்றதையும் அங்கேயே வாங்குகிறார். ஆகவே சுழற்சி மாறும்போது மேலே உள்ள எண் மாறியதா, கீழே உள்ள எண் மாறியதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் பின், எந்தக் குவியலில் மாறியது என்று பார்க்க வேண்டும். விற்ற சரக்கின் அடக்கவிலை அப்படியே இருக்க, மூன்றாம் குவியல் கரைந்து சுழற்சி உயர்ந்திருந்தால் கடை தேறிவருகிறது. முதல் குவியல் சுருங்கி உயர்ந்திருந்தால், அடுத்த சில மாதங்களில் விற்பனையும் விழும்.